சவுக்கு இளைத்த வருஷம்

மனித குலத்தின் நலனை உத்தேசித்து முதற்கண் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஒரு சவுக்கு மரம் எவ்வளவு பருமன் என்பதைச் சொல்லும் உரிமை அந்த மரத்துக்குக் கிடையாது. அதை நட்டவருக்கும் கிடையாது, வெட்டுகிறவருக்கும் கிடையாது. அது சென்னையில் மாடியறை ஒன்றில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஆடிட்டர் ராமஸ்வாமி அவர்களுக்கு மட்டுமே உரியது. அவர் பருமன் என்றால் மரம் பருமன். அவர் கையெழுத்துக்குக் கீழே ரப்பர் முத்திரை வேறு உண்டு.

இந்தப் பேருண்மை கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே மணல் காட்டில் நிரூபிக்கப்பட்டது. ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணி நேரம் மாட்டு வண்டியில் குலுங்கினால் 'சுபிட்சா பிளாண்டேஷன்ஸ்' என்ற பலகை தெரியும். பலகைக்குப் பின்னால் நூற்றிருபது ஏக்கர் சவுக்கு. சேர்மன் தேசப்பன் பட்டணத்தில் நாலு விறகுத் தொட்டி வைத்து வியாபாரம் செய்பவர். தொட்டிக்கு விறகு வெளியே வாங்குவானேன் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து, அறுபத்தேழில் ஒரே மழைக்காலத்தில் மொத்தமும் நட்டார். பத்துப் பத்து ஏக்கராகப் பன்னிரண்டு பிளாக். எல்லா மரத்துக்கும் ஒரே வயது. ஆகவே எல்லா மரமும் ஒரே மாதிரி வளரும் என்பது கம்பெனியின் கொள்கை. மரங்களிடம் யாரும் அந்தக் கொள்கையைச் சொல்லவில்லை.

ஏக்கருக்கு இரண்டாயிரம் மரம் என்றால் நூற்றிருபது ஏக்கரில் எத்தனை என்று நீங்களே பெருக்கிக் கொள்ளலாம். அத்தனையையும் நின்று எண்ணினால், எண்ணி முடிப்பதற்குள் ஆரம்பத்தில் எண்ணியவை வெட்டும் பதத்தைத் தாண்டிவிடும். எண்ணிக்கை தெரிந்தாலும் போதாது. விறகு எடைக்கு விற்கிற பொருள். நிற்கிற மரத்தைத் தராசில் ஏற்ற முடியாது. எனவே கணக்குப் பிள்ளைகளின் சாஸ்திரத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தோப்பில் ஓர் இடத்தைப் பொறுக்கி எடு. வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசையை அளவெடு. மார்பு உயரத்தில் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவைப் பார். பட்டுப்போன இடத்தைக் கழி. ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று மூன்றை வெட்டி எடை போடு. பச்சை மரம் காய்ந்தால் மூன்றில் ஒரு பங்கு எடை போய்விடும், அதையும் கழி. மிச்சத்தை ஏக்கருக்குப் பெருக்கு. நல்ல வழிதான். ஒரே ஒரு நிபந்தனை: அந்த இடத்தை யாரும் வேண்டுமென்று பொறுக்கக் கூடாது. தானாக அமைய வேண்டும்.

ராமஸ்வாமி இதில் மகா கண்டிப்பானவர். மானேஜர் குடியிருக்கும் பங்களாவின் பின்பக்கப் படியில், தோப்புக்கு முதுகைக் காட்டி நிற்பார். கண்களை மூடுவார். தன்னுடைய கறுப்புக் குடையை மடித்து, தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவார். குடை எந்த மரத்தருகே விழுகிறதோ அதுவே முதல் மரம்.

"இதுல என்னோட இஷ்டம்னு ஒண்ணும் கிடையாது, பாஷ்யம்" என்பார் மானேஜரிடம். "உம்ம இஷ்டமும் கிடையாது. சேர்மன் இஷ்டமும் கிடையாது. குடையோட இஷ்டம்."

குடைக்கு எத்தனையோ இஷ்டங்கள் இருந்திருக்கலாம். ஆனால் பங்களாப் படியிலிருந்து வீசினால் அது போகக்கூடிய தூரம் முப்பது அடி. முப்பது அடியில் இருந்தது முதல் பிளாக். பங்களாவின் குளியலறைத் தண்ணீர், சமையல் கட்டுத் தண்ணீர், மாட்டுக் கொட்டகையின் கழிவு எல்லாம் வாய்க்கால் வெட்டாமலே போய்ச் சேர்கிற இடம். அங்கே சவுக்கு மரங்கள் கல்யாண வீட்டுச் சம்பந்திகளைப் போல் பூரித்து நின்றன. மற்ற பதினோரு பிளாக்கிலும் அவை பந்திக்குக் கூப்பிடப்படாத உறவினர் மாதிரி இருந்தன.

ஏன் பத்தாம் பிளாக்குக்குப் போய்க் குடை வீசக் கூடாது? போகலாம். ஆனால் மணல் சுடும். ஆடிட்டரின் பம்ப் ஷூவுக்குள் புகும். மேலும் பகல் பன்னிரண்டு மணிக்கு அவருக்கு இலை போட்டாக வேண்டும். வயிற்றில் புண். டாக்டர் உத்தரவு. இலை பங்களாவில்தான் போடப்படும். சாஸ்திரம் வளைய வேண்டிய இடத்தில் வளைந்து கொடுத்தது.

சென்ற ஆண்டு மார்ச்சில் குடை இப்படித்தான் விழுந்தது. சுற்றளவு சராசரி பதினொரு அங்குலம். ஏக்கருக்கு ஐம்பது டன் காய்ந்த விறகு என்று ராமஸ்வாமி முத்திரை குத்தினார். ஐம்பது டன்! சேர்மன் பொதுக்குழுவில் அதைச் சொன்னபோது கை தட்டினார்களாம். மானேஜர் பாஷ்யத்துக்குச் சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசு வந்தது. 'வளம் பெருக்கிய செம்மல்' என்று அதன் கண்ணாடியில் பொறித்திருந்தது. பாஷ்யம் திருவள்ளூர்க்காரர். அவருடைய தகப்பனார் கோயிலில் பிரபந்தம் சேவித்தவர். குடும்பத்தில் இதுவரை யாரையும் யாரும் செம்மல் என்று சொன்னதில்லை. அவர் கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டினார்.

அதன் பிறகுதான் பதினொன்றாம் பிளாக்கையும் பன்னிரண்டாம் பிளாக்கையும் வெட்டினார்கள். இருபது ஏக்கர். சேர்மன் கணக்கில் ஆயிரம் டன். கிடைத்தது அறுநூற்றிருபது.

வெட்டிய விறகைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடமில்லை. ஐந்நூறு டன் ரயிலில் போயிற்று. கூட்ஸ் ஷெட்டில் வண்டி வண்டியாக எடை போட்ட சீட்டு இருக்கிறது. மிச்சம் நூற்றிருபது டன் பங்களா முற்றத்தில் அட்டியாக அடுக்கிக் கிடக்கிறது. ஆக, முந்நூற்றெண்பது டன் விறகைக் காணோம். வளர்ந்ததற்கு ஆடிட்டர் சாட்சி. வந்து சேராததற்கு ரயில்வே சாட்சி. நடுவில் இருப்பவன் திருடன்.

நடுவில் இருந்தவர் மேஸ்திரி மோசஸ்.

நட்ட நாளிலிருந்து மோசஸ்தான் மேஸ்திரி. ஆள் விட்டது, வெட்டியது, வண்டி ஏற்றியது எல்லாம் அவர் பொறுப்பு. சேர்மனிடமிருந்து மார்ச் கடைசி வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. இந்த ஆண்டுத் தணிக்கையிலும் ஐம்பது டன் உறுதிப்பட்டால் மோசஸை வேலையிலிருந்து நீக்கி, திங்கட்கிழமை காலை போலீசில் புகார் கொடுக்க வேண்டியது. தணிக்கை சனிக்கிழமை.

பாஷ்யம் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது மோசஸ் தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார்.

"இன்னா சாமி இது பேஜாரு? முந்நூத்தி எம்பது டன்னை நான் இன்னா, மடியில கட்டிக்கினா போனேன்? அத்த ஏத்தறதுக்கே ஒரு ரயிலு வோணும். ரயிலு போனா ஊருக்கே கேக்காதா?"

"எனக்குத் தெரியாதாடா மோசஸ்?"

"தெரியுதில்ல? அப்ப சொல்லு சாமி! பங்களாவாண்ட கீற மரம் உங்க குளிக்கிற தண்ணியில கொழுத்துப் போச்சு, மத்த மரம் அப்டி இல்லன்னு ஒரு வார்த்த. போன வருசமே நான் ஆடிட்டராண்ட சொன்னேன். 'குடைக்கு மேல உனக்குத் தெரியுமா'ன்னாரு."

கூடத்தில் கடிகாரம் பதினொன்று அடித்தது. பாஷ்யத்துக்கு அந்த ஓசை என்றுமே பிடித்திருந்தது. இன்று அது கொஞ்சம் உரக்கக் கேட்டது.

எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் அவர் மனைவி கோமளவல்லி. மோசஸ் போனதும் வந்து நின்றாள்.

"ஏன்னா, செம்மல்!"

"அப்படிக் கூப்பிடாதே."

"கண்ணாடியிலேயே எழுதியிருக்கே. செம்மல் ஒரு வார்த்தை வாயைத் திறந்தா அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போகாம இருப்பான் இல்லையோ?"

"சொல்லலாம். போன வருஷம் மரம் தப்பா அளந்துட்டேள்னு ராமஸ்வாமிகிட்ட சொல்லணும். அவர் கையெழுத்துத் தப்புன்னு. அப்புறம் அந்த ஐம்பதுக்கு ஏன் பல்லை இளிச்சிண்டு கடிகாரம் வாங்கிண்டேன்னு சேர்மன் கேப்பார். அப்போ நான் என்ன சொல்றது?"

"மணி என்னன்னு சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு அவள் சமையல் கட்டுக்குப் போய்விட்டாள். அங்கே மோசஸின் மனைவி ஞானம்மா பின்வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஞானம்மா அழுவதில் ஒரு விசேஷம், அழுதுகொண்டே திட்டுவாள். அன்று சேர்மன், ஆடிட்டர், குடை, குடை செய்த கம்பெனி என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

"அந்தக் குடையத் தூக்கி அடுப்புல போடறேன் பாருங்கம்மா. அத்தோட பேஜாரு பூடும்."

"அடுப்புல போட்டா வேற குடை வாங்கிண்டு வருவார், ஞானம்மா. குடை இருக்கட்டும். அவர் நிக்கிற இடம்தான் கோளாறு. அவர் ஏன் இங்கேயே நின்னுண்டு வீசறார், சொல்லு."

"நவுர மாட்டாரு. பன்னண்டு மணிக்குச் சோறு துன்னணும். சோறு இங்கதான கீது."

கோமளவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்படின்னா சோறு நகரட்டும்" என்றாள்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு ராமஸ்வாமி வந்து சேர்ந்தார். வெள்ளை வேஷ்டி, அல்பாகா கோட்டு, நெற்றியில் பளிச்சென்ற திருமண், கையில் குடை. வண்டியிலிருந்து இறங்கும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் வித்தியாசம்" என்று சுவர்க் கடிகாரத்தைக் குற்றம் சாட்டினார். குடையை வாசல் ஆணியில் மாட்டினார். கால் அலம்பி, காபி சாப்பிட்டு, முற்றத்துக்குப் போனார்.

விறகு அட்டியை அவர் அளந்த அழகைச் சொல்லியாக வேண்டும். இதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் டேப்பால் எடுத்தார். டேப்பின் ஒரு முனையை மோசஸ் பிடித்தார். அட்டியின் நாலு மூலையிலும் குச்சியை விட்டு ஆட்டிப் பார்த்தார். நடுவிலே ஒரு வரிசையைப் பிரிக்கச் சொல்லி, உள்ளே பொந்து வைத்து அடுக்கியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். ஓர் ஓரத்தைக் கழற்றி எடை போடச் சொல்லி, கன அடிக்கு எவ்வளவு என்று கண்டுபிடித்தார்.

"விறகுக்கு நடுவுல காத்து இருக்கு, பாஷ்யம். அந்தக் காத்தைக் கம்பெனிச் சொத்துல சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன்."

"ஆஹா" என்றார் பாஷ்யம்.

நூற்றிருபது டன் சரியாக வந்தது. காற்றைக் கழிக்கத் தெரிந்த மனிதர். கை அலம்பிக்கொண்டு, பின்பக்கப் படிக்கு வந்து, தோப்புக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடி, வலது கையை நீட்டினார்.

"குடை."

யாரும் கொடுக்கவில்லை. ராமஸ்வாமி ஒரு கண்ணைத் திறந்தார்.

"பாஷ்யம். குடை."

பாஷ்யம் வாசலுக்கு ஓடினார். ஆணி இருந்தது. குடை இல்லை. அவர் வேர்த்துப் போய்த் திரும்பியபோது கோமளவல்லி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"மாமா, குடை தயிருக்குப் போயிருக்கு."

"தயிருக்கா?"

"இன்னிக்கு வனபோஜனம், மாமா. ஒன்பதாம் பிளாக் கிணத்தடியில நெல்லி மரம் இருக்கோல்லியோ, அங்கேதான் தளிகை. ஞானம்மா சாமானை எல்லாம் வண்டியில ஏத்திண்டு போனா. வெயில்ல தயிர் புளிச்சுடுமேன்னு ஆணியில இருந்த குடையை எடுத்துப் பிடிச்சிண்டு போயிருக்கா. உங்களுதுன்னு அவளுக்குத் தெரியாது பாவம்."

ராமஸ்வாமி இரண்டு கண்ணையும் திறந்தார். சாஸ்திர விஷயத்தில் அவர் கணக்கைவிடக் கண்டிப்பு.

"வனபோஜனம் கார்த்திகையிலன்னா பண்றது? நெல்லி மரத்தடி சரி. பங்குனியில ஏது?"

"கார்த்திகையில எங்களுக்குத் தீட்டு, மாமா. விட்டுப்போச்சு. விட்டுப்போனதை அப்படியே விட்டுடலாமான்னு பெரியவாளைக் கேட்டேன். ஒரு பெரிய மனுஷர் ஆத்துக்கு வர அன்னிக்குப் பண்ணிடுன்னுட்டா."

பெரிய மனுஷர் கொஞ்சம் யோசித்தார். எந்தப் பெரியவாள் என்று கேட்க வந்தவர் கேட்கவில்லை.

"அது சரி. முதல்ல குடையை வரவழையுங்கோ. வீசிட்டுப் போவோம்."

மோசஸ் முன்னால் வந்தார்.

"சாமி, போயி எடுத்துக்கினு வர மணி ஒண்ணாயிடும். மணல்ல வண்டி நவுராது. பன்னண்டுக்கு நீங்க சாப்புடணுமே."

"வேற குடை இருக்கு, ஸ்வாமி" என்று பாஷ்யம் ஆரம்பித்தார். உதவும் பழக்கம் அவரை விட்ட பாடில்லை. கோமளவல்லி அவரைப் பார்த்தாள். பார்வை கடிகாரத்தின் பெண்டுலம் மாதிரி ஒரு முறை இந்தப் பக்கமும் ஒரு முறை அந்தப் பக்கமும் போய் வந்தது.

"ஆனா ஓட்டை" என்று முடித்தார் பாஷ்யம்.

"வேற குடை உதவாது" என்றார் ராமஸ்வாமி. "பதினாலு வருஷமா இதே குடை. எடை, பிடி, எல்லாம் ஒரே நிதானம். இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு வீசினா அதுக்குப் பேர் தணிக்கை இல்லை, விளையாட்டு." வயிற்றைத் தடவிக்கொண்டார். "தளிகை என்ன?"

"புளியோதரை, அக்காரவடிசல், ததியோன்னம். வடுமாங்காய் இருக்கு. உங்களுக்குக் காரமில்லாம தனியா."

"வண்டியைக் கட்டச் சொல்லும்" என்றார் ராமஸ்வாமி.

ஒன்பதாம் பிளாக்குக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் சவுக்கு. ஒல்லியான, நெட்டையான, காற்றுக்கு ஆடுகிற சவுக்கு. அந்த வழியில் ராமஸ்வாமி அதுவரை வந்ததில்லை. அன்றும் வந்ததாகச் சொல்ல முடியாது. வண்டியில் வைக்கோல் மெத்தென்று இருந்ததால் தூங்கிவிட்டார்.

நெல்லி மரத்தடியில் ஞானம்மா கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். தயிர்ப் பானைக்கு மேல் குடை விரித்திருந்தது. கோமளவல்லி கிணற்றில் நீர் இறைத்து, இலை போட்டு, தானே பரிமாறினாள். ராமஸ்வாமி சாப்பிட்டார். அக்காரவடிசலை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, வயிற்றுப் புண்ணுக்கு நெய் நல்லது என்று டாக்டர் சொல்லாததைச் சொன்னார். மோசஸும் ஞானம்மாவும் தள்ளி நின்று அவர் ஒவ்வொரு கவளமாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடி இது, முடிக்கவே மாட்டேங்குறாரு" என்று மோசஸ் முணுமுணுத்தார்.

"துன்னட்டும். வவுறு ரொம்புனா நடக்க மாட்டாரு. நடக்கலன்னா இங்கதான வீசணும்?"

அப்படியேதான் ஆயிற்று. கையலம்பி எழுந்த ராமஸ்வாமி வெயிலைப் பார்த்தார். பங்களா இருந்த திசையைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். ஏப்பம் விட்டார்.

"எங்கேயிருந்து வீசினா என்ன? எடுத்தவாக்குல விழறதுதானே முறை!" என்று சாஸ்திரத்தை ஒரே நிமிஷத்தில் அதன் பூர்வ பெருமைக்கு மீட்டுக் கொடுத்தார். "குடை."

ஞானம்மா குடையை மடித்துக் கொடுத்தாள். அவர் முதுகைக் காட்டி நின்றார். கண்ணை மூடினார். வீசினார்.

குடை நெல்லி மரத்தில் மாட்டிக்கொண்டது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மோசஸ் மாரில் சிலுவை போட்டுக்கொண்டார். பாஷ்யம் நாராயணா என்றார். இது கெட்ட சகுனம் என்று ஆடிட்டர் பங்களாவுக்குக் கிளம்பிவிட்டால் எல்லாம் போயிற்று.

ராமஸ்வாமி கண்ணைத் திறந்து வெகுநேரம் ஆலோசித்தார்.

"நெல்லி கம்பெனி பயிர் இல்லை. ஆகையினால் இந்த வீச்சு செல்லாது" என்று தீர்ப்புச் சொன்னார். "எடும்."

மோசஸ் அந்த வயதில் மரமேறியதை ஊர் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது வீச்சில் குடை ஒன்பதாம் பிளாக்கின் நாலாவது வரிசையில், ஓர் ஒல்லி மரத்தில் மோதி, அதன் காலடியில் சாஷ்டாங்கமாக விழுந்தது.

பத்து வரிசை. வரிசைக்குப் பத்து. ராமஸ்வாமி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மோசஸ் டேப்பைச் சுற்றி, பாஷ்யம் படித்துச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார்.

"எட்டு."

"ம்."

"எட்டரை."

"ம்."

"ஒன்பது... இங்க ஒண்ணு பட்டுப் போச்சு, ஸ்வாமி. எட்டு."

ஐந்தாவது வரிசையில் ராமஸ்வாமி பேனாவை நிறுத்தினார்.

"டேப்பைக் கொண்டா."

டேப்பை வாங்கித் தன் கோட்டுப் பையிலிருந்த மர அளவுகோலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அது அவருடைய டேப். மோசஸ் கையில் இருந்ததால் அதற்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று இன்னொரு முறை பார்த்தார். எழுந்து போய் ஒரு மரத்தைத் தாமே அளந்தார். எட்டரை.

மூன்று மரத்தை வெட்டினார்கள். முக்காலி கட்டித் தராசைத் தொங்கவிட்டு எடை போட்டார்கள். ராமஸ்வாமி ஈரம் காய்வதற்கு மூன்றில் ஒன்றைக் கழித்தார். பட்டுப்போன மரங்களைக் கழித்தார். பெருக்கினார். ஒருமுறை, பிறகு ஒருமுறை. கீழே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அடியில் வந்தது: ஏக்கருக்கு முப்பது டன்.

ஏக்கருக்கு முப்பது என்றால் இருபது ஏக்கருக்கு அறுநூறு. வந்து சேர்ந்ததோ அறுநூற்றிருபது.

ராமஸ்வாமியிடம் இப்போது இரண்டு கையெழுத்து இருந்தன. சென்ற ஆண்டு ஐம்பது என்று போட்டது ஒன்று. இந்த ஆண்டு முப்பது என்று போட வேண்டியது ஒன்று. இரண்டும் அதே பேனா. இரண்டுக்கும் அதே குடை. முதல் கையெழுத்து சரி என்றால் மோசஸ் திருடன்; ஆனால் இப்போது நிற்கிற மரத்தையும் மோசஸ் சீவி எடுத்து மெல்லியதாக ஆக்கியிருக்க வேண்டும். அது மேஸ்திரியால் ஆகிற காரியமில்லை. முதல் கையெழுத்து தவறு என்றால்... அந்த வாக்கியத்தை அவர் மனசு முடிக்க மறுத்தது. பதினாலு வருஷத்தில் அது அப்படி ஒரு வாக்கியத்தை முடித்ததில்லை.

பாஷ்யம் சுவர்க் கடிகாரத்தை மானசீகமாக ஆணியிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டார். மோசஸ் டேப்பைச் சுற்றியபடி நின்றார்.

கோமளவல்லி ஒரு தம்ளரில் நீர் மோர் கொண்டுவந்து வைத்தாள். பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டது.

"என்ன வறட்சி மாமா, இந்த வருஷம்! ஐப்பசி மழையே ஒழுங்காப் பெய்யலை. மனுஷாளே இளைச்சுப் போயிட்டா. வாயில்லாத மரம், அது என்ன பண்ணும்?"

ராமஸ்வாமி மோரை ஒரே மூச்சில் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தபோது முகத்தில் பழைய தேஜஸ் திரும்பியிருந்தது.

"அதைத்தான் நான் அப்பவே நினைச்சேன்" என்றார்.

தணிக்கை அறிக்கை சேர்மனுக்குப் போயிற்று. அதில் கண்டிருந்தது: சென்ற ஆண்டு ஏக்கருக்கு ஐம்பது டன் என்பது சென்ற ஆண்டு நிலைக்கு முற்றிலும் சரியே. அதன் பிறகு ஏற்பட்ட கடும் வறட்சியில் மரங்கள் இளைத்துவிட்டன. நிற்கும் பயிர் இன்றைய தேதிக்கு ஏக்கருக்கு முப்பது டன். வெட்டிய விறகு இதற்கு ஒத்திருக்கிறது. களவு நடந்ததற்கு ஆதாரமில்லை. மாதிரி இடம், எவருடைய விருப்பு வெறுப்பும் கலவாமல், தானாக அமைந்தது.

மரம் கணக்கில் மட்டுமின்றிச் சுற்றளவிலும் இளைக்கும் என்பது தாவர சாஸ்திரத்துக்கு அன்றுவரை தெரியாது. தேசப்பனுக்கும் தெரியாது. ஆனால் முத்திரை இருந்ததால் நம்பினார். பொதுக்குழுவில் எழுந்து நின்று, மரங்கள் மெலிந்தது குறித்து நிர்வாகம் ஆழ்ந்த வருத்தம் அடைவதாகச் சொன்னார். மரங்களுக்கு உடனடியாகப் புண்ணாக்கு வைக்கும்படி உத்தரவு போட்டார். போலீஸ் புகார் கைவிடப்பட்டது. இளைத்துப்போனதை யாரும் திருட முடியாது என்று கம்பெனி வக்கீலே சொல்லிவிட்டார்.

மோசஸுக்கு மட்டும் ஒரு மெமோ வந்தது. அறுநூறு டன் இருக்க வேண்டிய இடத்தில் அறுநூற்றிருபது வந்திருக்கிறது. இந்த இருபது டன் உபரி எப்படி ஏற்பட்டது என்று ஏழு நாளில் விளக்க வேண்டும்.

"இன்னா சாமி இது! கம்மியா வந்தா திருடன். ஜாஸ்தியா வந்தா இன்னா, தானம் குடுத்தேன்னா?" என்றார் மோசஸ்.

"விறகு இன்னும் சரியாக் காயலைன்னு எழுதிடறேன்" என்றார் பாஷ்யம். கொஞ்சம் வெட்கத்தோடு, அந்த மாதம் முதல்முறையாகச் சிரித்தார். "நீ பேசாம கையெழுத்துப் போடு."

அப்படியே எழுதினார்கள். அந்த விளக்கமும் ஏற்கப்பட்டது. ஞானம்மா அன்று ஆடிட்டரையும் சேர்மனையும் திட்டாமல் ஒரு முழுப் பகலைக் கழித்தாள். புண்ணாக்கு மூட்டை வந்து இறங்கியபோது, "எந்த பிளாக்குக்கு?" என்று வண்டிக்காரன் கேட்டான். சேர்மன் எந்த பிளாக் என்று எழுதவில்லை. வண்டியிலிருந்து இறக்கச் சுலபமாக இருந்தது பங்களாவுக்குப் பின்பக்கம்.

மோசஸ் அந்த வருஷக் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், தகரக் கொட்டகை. ஏன் மேஸ்திரி வேலையை விட்டாய் என்று பாஷ்யம் கேட்டதற்கு, "அங்க கம்பியைத் தராசுல வச்சே எடை போடறாங்க சாமி. மழ இல்லேன்னாலும் இளைக்காது" என்றார்.

மறு வருஷம் மார்ச்சில் கோமளவல்லி மகள் வைதேஹியின் பிரசவத்துக்காகத் திருவள்ளூர் போயிருந்தாள். ராமஸ்வாமி பத்தரைக்கு வந்தார். குடையை ஆணியில் மாட்டினார்.

சாப்பாடு பங்களாவில். மரங்கள் மறுபடி பெருத்திருந்தன.